எடுத்த வாலில் எப்படி வீக்கம்

தன் குடல்வாலை டாக்டர்கள் இரண்டு தடவை வெட்டி எடுத்தார்கள் என்று லாரிக்காரர் சொன்னதும், முடிதிருத்தும் கடையில் கத்தரிக்கோல் நின்றது. நாற்காலியில் பாதி மீசையோடு உட்கார்ந்திருந்தவர் கண்ணாடி வழியாகவே அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"ஒரு ஆளுக்கு மொத்தம் எத்தனை குடல்வால் இருக்கும்?" என்று கடைக்காரர் கேட்டார்.

"உங்களுக்கெல்லாம் ஒண்ணு. எனக்கு எடுக்க எடுக்க வரும்."

கடையே சிரித்தது. சிரிக்காமல் என்ன செய்வது? மலைச்சரிவில் பிரேக் அறுந்த லாரியை, பாடிக்கொண்டிருந்த பாட்டைக்கூட நிறுத்தாமல் இறக்கியவர் அவர். வழிமறித்த காட்டெருமையின் காதில் ஏதோ ரகசியம் சொல்லி அதை ஓரமாக நகர்த்தியவர். ஒருமுறை அவர் தும்மிய வேகத்தில் முன்னால் போன வண்டி மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்குப் போனது. ஓய்வு பெற்ற பிறகு வண்டிதான் நின்றதே தவிர, வாய் டாப் கியரிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

எல்லோரும் மூலை பெஞ்சுப் பக்கம் திரும்பினார்கள். அங்கே செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தவர் லாரிக்காரருடைய மனைவியின் அண்ணன். வாழ்நாள் முழுக்க ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவர். அதனால் ஊருக்கே அவர் 'பிழை'. லாரிக்காரர் அவிழ்த்துவிட்ட எத்தனையோ கதைகள் அவர் மூக்குக் கண்ணாடியில் மோதிச் செத்திருக்கின்றன.

"என்ன பிழை சார், மாப்பிள்ளை இன்னிக்கு வயித்துக்குள்ள வண்டி விட்டுட்டார் போலிருக்கே?" என்றார் கடைக்காரர்.

பிழை செய்தித்தாளைத் தாழ்த்தவில்லை. அவர் கண் ஒரே வரியில் நின்றிருந்தது. மனம் அந்த வரியில் இல்லை, ஒரு மருத்துவமனை வார்டில் இருந்தது.

குடும்பத்தில் யாருக்கு எந்த மருத்துவ அறிக்கை வந்தாலும் அது கடைசியில் பிழையின் மேசைக்கு வரும். அச்சகத்தில் மருத்துவ மாணவர்களின் ஆய்வேடுகளை வருடக்கணக்கில் படித்தவர் அவர். டாக்டராகாமலே டாக்டர்களின் சொற்களோடு பழகிவிட்டார். அவருடைய வித்தை எளிது. வாயில் நுழையாத சொல்லைக் கண்டால் தலையை விட்டுவிட்டு முதலில் வாலைப் பிடிக்க வேண்டும். 'ஐட்டிஸ்' என்று முடிந்தால் அந்த இடத்தில் அழற்சி, அதாவது சிவந்து, வீங்கி, வலிக்கிறது. 'எக்டமி' என்று முடிந்தால் வெட்டி எடுத்தாகிவிட்டது. 'ஸ்கோப்பி' என்று முடிந்தால் குழாய் விட்டு உள்ளே எட்டிப் பார்த்திருக்கிறார்கள். வால் தெரிந்த பிறகு தலை எந்த உறுப்பு என்று கண்டுபிடித்தால் போதும்.

இந்த வித்தைக்குப் பெயர் வாங்கித் தந்தது அவருடைய பெரியம்மாவின் வயிறு. அந்த அம்மாளுக்குப் பித்தப்பையில் கல். கோலிசிஸ்டெக்டமி, பையோடு எடுத்துவிட்டார்கள். பிறகு ஒருமுறை ஸ்கேன் எடுத்தபோது அறிக்கையில் 'பித்தப்பை இயல்பாக உள்ளது' என்று இருந்தது. இல்லாத பை எப்படி இயல்பாக இருக்கும் என்று பிழை சிவப்புப் பேனாவில் வட்டமிட்டு அனுப்பினார். ஸ்கேன் நிலையத்தில் எல்லோருக்கும் ஒரே அச்சை ஓட்டியிருக்கிறார்கள். மன்னிப்போடு புது அறிக்கை வந்தது. அன்றிலிருந்து, பிழை 'சரி' என்று சொல்லாத மருத்துவக் காகிதத்தை அந்தக் குடும்பத்தில் யாரும் நம்புவதில்லை.

அவருடைய தங்கை, லாரிக்காரரின் மனைவி, ஒரு நாள் காலையில் இரண்டு தாள்களோடு வந்தாள்.

"அண்ணா, இவருக்கு ரெண்டு நாளா வயித்து வலி. நேத்து கிளினிக்ல வாய் வழியா குழாய் விட்டாங்க. இதுல என்ன போட்டிருக்கு, பாரேன்."

"கேஸ்ட்ரோஸ்கோப்பி. நீ சொன்ன அதே குழாய்தான். வயித்துக்குள்ள பார்த்திருக்காங்க, எதையும் வெட்டல. கேஸ்ட்ரைட்டிஸ். இரைப்பையில லேசா அழற்சி. மாத்திரை குடுத்திருப்பாங்களே?"

"குடுத்தாங்க. பயப்பட ஒண்ணுமில்லையே?"

"ஒண்ணுமில்லம்மா. காரத்தைக் குறைக்கச் சொல்லு. வாயையும் சேர்த்துக் குறைக்கச் சொல்லு."

தங்கை சிரித்துக்கொண்டே போனாள். அந்தச் சிரிப்பு மறுநாள் வரைகூடத் தாங்கவில்லை. மேல்வயிற்றில் இருந்த வலி வலது பக்கம் அடிவயிற்றுக்கு இறங்கியது. காய்ச்சல் வந்தது. குடித்த தண்ணீரும் தங்கவில்லை. பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள்.

பிழை போய்ச் சேர்ந்தபோது லாரிக்காரர் முழங்காலை மடக்கி, பக்கவாட்டில் சுருண்டு படுத்திருந்தார். கையில் சொட்டு மருந்து. பக்கத்துக் கட்டிலில் ஒரு பெரியவர் தட்டை ஸ்பூனால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மாப்பிள்ளை, வலி எப்படி இருக்கு?"

புயலில் சிக்கிய கப்பலையோ, வயிற்றுக்குள் ஓடும் ரயிலையோ எதிர்பார்த்து பிழை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"இருக்கு மச்சான்," என்றார் லாரிக்காரர்.

அவ்வளவுதான். கண்ணை மூடிக்கொண்டார்.

முப்பது வருடப் பழக்கத்தில் அந்த மனிதர் ஒரு கேள்விக்கு இவ்வளவு சுருக்கமாகப் பதில் சொல்லி பிழை கேட்டதில்லை.

இளம் டாக்டர் ஒருவர் வந்து அடிவயிற்றின் வலப்பக்கம் மெல்ல அழுத்திவிட்டுச் சட்டென்று கையை எடுத்தார். அழுத்தும்போது பொறுத்துக்கொண்டவர் கையை எடுக்கும்போது முகத்தைச் சுளித்தார். டாக்டர் எதையோ குறித்துக்கொண்டு, ஸ்கேன் முடிவு வந்துவிட்டதாகவும் அறுவை சிகிச்சை டாக்டர் உடனே ஆபரேஷன் செய்யச் சொல்லியிருப்பதாகவும் சொன்னார். சம்மதத் தாளை நீட்டினார்.

"குடல்வால் அழற்சி. வெடிக்கிறதுக்குள்ள எடுத்திடணும். இங்க கையெழுத்துப் போடுங்க ஐயா."

லாரிக்காரர் பேனாவை வாங்கவில்லை. தலையை மட்டும் திருப்பினார்.

"மச்சான் படிக்கட்டும். அவர் சரின்னாதான் போடுவேன்."

எத்தனையோ வருடம் தன் வாயிலிருந்து வந்ததையெல்லாம் அடித்துத் திருத்தியவரிடம் லாரிக்காரர் இப்போது தன் உடம்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பிழை சம்மதத் தாளோடு ஸ்கேன் அறிக்கையையும் வார்டுத் தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டு ஜன்னலோரம் போனார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

ஸ்கேன் அறிக்கையின் கடைசி வரியில் இருந்த சொல் அப்பெண்டிசைட்டிஸ். வால் 'ஐட்டிஸ்'. குடல்வாலில் அழற்சி. சரி.

வார்டுத் தாளில், 'முன்பு செய்துகொண்ட அறுவை சிகிச்சைகள்' என்ற இடத்தில் இருந்த சொல் அப்பெண்டெக்டமி. வால் 'எக்டமி'. குடல்வாலை வெட்டி எடுத்தாயிற்று.

அவர் இரண்டையும் திரும்பப் படித்தார். ஒரே ஆள், ஒரே உறுப்பு. ஒரு தாள் அது வீங்கியிருக்கிறது என்கிறது. இன்னொரு தாள் அது பல வருடம் முன்னாலேயே போய்விட்டது என்கிறது. அச்சகத்தில் இப்படி இரண்டு வரி எதிரும் புதிருமாக வந்தால் அவருக்குத் தெரிந்த விதி ஒன்றுதான். இரண்டில் ஒன்று பிழை. எது என்று தெரியும் வரை அச்சுக்குப் போகக் கூடாது.

தங்கையைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார்.

"உன் வீட்டுக்காரர் அந்தக் காலத்துல நிஜமாவே குடல்வாலை எடுத்தாரா? இல்ல அதுவும் காட்டெருமைக் கதைதானா?"

"என்னண்ணா கேக்கற நீ. ஆபரேஷனப்போ தானே டாக்டருக்கு விளக்குப் பிடிச்சேன்னு அவர் சொல்றது பொய். எடுத்தது நிஜம். பாட்டில்ல போட்டு எங்கிட்ட காட்டினாங்க. தழும்பு இருக்கே."

தழும்பை பிழையும் பார்த்திருக்கிறார். அப்படியானால் 'எக்டமி' உண்மை. அப்படியானால் 'ஐட்டிஸ்' பொய். பெரியம்மாவின் பித்தப்பை கண்முன் வந்து நின்றது.

"இது வேற யாரோட ஸ்கேனோ. தாள் மாறிப்போச்சு," என்றார்.

தங்கை முகம் வெளுத்தது. "அப்ப இவருக்கு என்ன? எதுக்கு இந்தக் காய்ச்சல்?"

பிழை அடுத்தவனுடைய நோய்க்குத் தன் தங்கை புருஷனின் வயிற்றைக் கிழிக்க விடுவதில்லை என்று மட்டும் முடிவு செய்துகொண்டார். உள்ளே போய்ச் சம்மதத் தாளைக் கட்டில் மேல் வைத்தார்.

"கையெழுத்து வேண்டாம் மாப்பிள்ளை. ரிப்போர்ட்ல தப்பு இருக்கு."

இளம் டாக்டர் இரண்டு தாள்களையும் பார்த்தார். அவருக்கும் நெற்றி சுருங்கியது. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அது பிழையின் சந்தேகத்தை இன்னும் கெட்டியாக்கியது.

அந்த இடைவெளி எவ்வளவு நீளம் என்று அவருக்குத் தெரியாது. நர்ஸ் வந்து காய்ச்சல் பார்த்தார். முன்பு பார்த்ததைவிடக் கூடியிருந்தது. லாரிக்காரரின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. தங்கை பஞ்சை நனைத்து அதில் ஒற்றினாள். பக்கத்துக் கட்டில் பெரியவர்கூட ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டார். வேண்டாம் என்று சொன்னது யார் என்று அந்த வார்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது போல பிழைக்குத் தோன்றியது. தான் சொன்னது சரி என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. ஆனால் சரியாக இருப்பது இவ்வளவு கனக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது.

அறுவை சிகிச்சை டாக்டரம்மா வந்தார். ஆபரேஷன் அறைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"யாருங்க தாள் மாறிடுச்சுன்னு சொன்னது?"

"நான்தான். ஐட்டிஸ்னா அழற்சி. எக்டமின்னா எடுத்தாச்சு. எடுத்ததுல எப்படிங்க வீக்கம் வரும்?"

அந்த அம்மாள் கோபப்படவில்லை. லாரிக்காரரின் மணிக்கட்டுப் பட்டையைப் படித்து, பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயாலேயே சொல்லச் சொன்னார். ஸ்கேன் தாளில் இருந்ததோடு ஒத்துப்பார்த்தார். பிறகு பிழையையும் தங்கையையும் நர்ஸ் மேசைக்கு அழைத்துப்போய்க் கணினித் திரையைத் திருப்பினார்.

"இவருக்கு இடுப்பு எலும்புல எப்பவாவது ஆபரேஷன் நடந்திருக்கா?"

"இடது பக்கம். லாரி கவுந்தப்போ ஸ்க்ரூ போட்டாங்க," என்றாள் தங்கை.

சாம்பல் நிறப் படத்தில் இடது இடுப்பருகே அந்த ஸ்க்ரூ வெள்ளை வெளேரென்று, மரை மரையாகத் தெரிந்தது. அந்த ஸ்க்ரூவைப் பற்றி லாரிக்காரர் சொல்லாத கதை இல்லை. மழை வருவதை வானிலை அலுவலகத்துக்கு முன்னால் அது தனக்குச் சொல்லும் என்பார். பிழை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். தாள் மாறவில்லை. இது மாப்பிள்ளையின் வயிறுதான்.

"அப்ப எக்டமி?" என்றார்.

டாக்டரம்மா ஒரு தாளின் பின்பக்கத்தில் பை போல ஒன்றை வரைந்தார். அதன் அடியில் புழு போல ஒரு வால்.

"இது பெருங்குடல் ஆரம்பிக்கிற இடம். இது குடல்வால். அடியில கட்டுப் போட்டு, கட்டுக்கு மேல வெட்டி எடுப்போம். அதுக்குப் பேருதான் நீங்க சொல்ற எக்டமி. ஆனா வெட்டின இடத்துல ஒரு சின்ன அடிக்கட்டை நிக்கும். எல்லாருக்கும் நிக்கும். துளியூண்டுதான், அதனால ஒண்ணும் வராது. இவருக்கு அன்னிக்கே ரொம்ப வீங்கி இருந்திருக்கலாம். வீங்கிக் கிடந்தா எது அடின்னு சரியாத் தெரியாது. கொஞ்சம் நீளமா விட்டுட்டாங்க போல. அந்த மிச்சத்துலதான் இப்ப அழற்சி."

"வெட்டி எடுத்தாச்சுன்னுதானே அந்தச் சொல்லுக்கு அர்த்தம்?"

"எடுத்தாச்சுன்னு சொல்லும். எவ்வளவை விட்டுட்டு எடுத்தாங்கன்னு சொல்லாதுங்க. ரெண்டு தாளுமே சரிதான்."

பிழை அந்தப் படத்தில் டாக்டரம்மாவின் பேனா நின்ற இடத்தைப் பார்த்தார். எத்தனை ஆயிரம் பக்கங்களில் 'இதை நீக்குக' என்று கோடு இழுத்திருக்கிறார். நீக்கிவிட்டார்கள் என்று நம்பி அடுத்த அச்சுப்படியைப் பார்த்தால், நீக்கிய சொல்லின் கடைசி எழுத்து மட்டும் வரியில் ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். அது அவருக்குத் தெரியாததா? தெரிந்ததுதான். இங்கே அது நினைவுக்கு வரவில்லை.

"இந்த மாதிரி முன்னாடி பார்த்திருக்கீங்களா?"

"படிச்சிருக்கேன். நேர்ல ஒரே ஒருத்தர். ஏற்கெனவே எடுத்தாச்சே, இது குடல்வாலா இருக்காதுன்னு எல்லாரும் வேற வேற இடத்துல தேடிக்கிட்டே இருந்துட்டாங்க. வயித்துக்குள்ள வெடிச்ச பிறகுதான் எங்கிட்ட வந்தார்." கொஞ்சம் நிறுத்தி, "அவர் பிழைக்கலை," என்றார்.

பிழை திரும்பிக் கட்டிலுக்கு நடந்தார். சம்மதத் தாள் அவர் வைத்த இடத்திலேயே கிடந்தது. அதை எடுத்து, அட்டையில் செருகி, பேனாவைத் திறந்து லாரிக்காரரின் விரல்களுக்குள் வைத்தார்.

"போடுங்க மாப்பிள்ளை. ரிப்போர்ட் சரியா இருக்கு. தப்பு என்னோடது."

லாரிக்காரர் கண்ணைத் திறந்து அவரை ஒரு நிமிஷம் பார்த்தார்.

"உங்களுக்கே தப்பு வந்திருச்சா," என்றார் மெல்ல. "இதைச் சொன்னா எவன் நம்புவான்." கோணல்மாணலாகக் கையெழுத்துப் போட்டார்.

ஆபரேஷன் அறைக் கதவுக்கு வெளியே போட்டிருந்த நாற்காலிகளில் அண்ணனும் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். கதவின் மேல் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. ஒரு பெண் தரையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். இருவரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள். அவள் போன பிறகும் இறக்க மறந்து அப்படியே இருந்தார்கள்.

"அண்ணா, நீ வேண்டாம்னு சொன்னது அவர் மேல உள்ள அக்கறையிலதான்."

"அக்கறை வேற, அவசரம் வேறம்மா. கிளினிக் தாளைப் பார்த்தும் நான்தானே ஒண்ணுமில்லன்னு சொன்னேன்."

"அதுல அப்படித்தானே போட்டிருந்தது."

"அதுல இரைப்பையை மட்டும்தான் பார்த்திருந்தாங்க. நான் மொத்த வயித்துக்கும் சேர்த்துச் சொல்லிட்டேன்."

தங்கை அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சிறு வயதில் பள்ளிக்கூடம் போகும்போது அவர்தான் அவள் கையைப் பிடித்துச் சாலையைத் தாண்டுவார். இப்போது அவள்தான் அவர் கையைப் பிடித்திருந்தாள். 'வேண்டாம்' என்று சொல்ல அவருக்கு ஒரு நொடி போதுமாக இருந்தது. அந்த ஒரு நொடியின் விலையை இந்தக் கதவுக்குப் பின்னால் யாரோ கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

விளக்கு அணைந்தது. டாக்டரம்மா முகமூடியைக் கழற்றிக்கொண்டே வந்தார்.

"பழுத்துப் போய், தொட்டா உடையிற மாதிரி இருந்தது. உடையல. இந்தத் தடவை அடியோட எடுத்துட்டேன்."

தங்கை எழுந்து நின்று கும்பிட்டாள். பிழை உட்கார்ந்தபடியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் லாரிக்காரரின் முதல் வார்த்தை, மயக்க மருந்து தனக்கு ஏறாமல் டாக்டர்தான் மயங்கி விழுந்தார் என்பது. அதைக் கேட்டு பிழை வராந்தாவுக்குப் போய், யாரும் பார்க்காமல் அழுதார்.

வீடு திரும்பிய பிறகு, வெட்டி எடுத்த சதையைப் பரிசோதித்த அறிக்கை வந்தது. பழக்கப்படி அது பிழையின் மேசைக்கு வந்து சேர்ந்தது. குடல்வாலின் அடிக்கட்டை, ஏறக்குறைய ஒரு விரல்கணு நீளம், கடுமையான அழற்சி. ஒரே வரியில் 'எக்டமி'யும் இருந்தது, 'ஐட்டிஸ்'ஸும் இருந்தது. சிவப்புப் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த வரியைப் பலமுறை படித்தார். வட்டம் போட எதுவும் இல்லை. பேனாவை மூடினார். பிறகு தங்கையைக் கூப்பிட்டு, அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது தானும் கூட வருவதாகச் சொன்னார்.

"எதுக்கு அண்ணா? நீயே படிச்சுச் சொல்லிடுவியே."

"சொல்லுக்கு அர்த்தம் நான் சொல்லிடுவேன். இவருக்கு என்னன்னு அவங்கதான் சொல்லணும். கேட்டுட்டு வரலாம்."

முடிதிருத்தும் கடையில் இன்னும் சிரிப்பு அடங்கவில்லை. லாரிக்காரர் சட்டையைத் தூக்கி, பழைய தழும்புக்குப் பக்கத்தில் இருந்த புதுத் தழும்புகளைக் காட்டினார். சின்னச் சின்னதாக மூன்று. அவை அறுவை சிகிச்சைத் தழும்புகளே அல்ல, துப்பாக்கிச் சூடு என்று தொடங்கிப் பிறகு மனம் மாறி, குடல்வாலுக்கே திரும்பினார்.

"நம்பாட்டி போங்க. எடுத்தது மறுபடி வந்துச்சு, மறுபடி எடுத்தாங்க. உலகத்துல என்னை மாதிரி ஒருத்தன் காட்டுங்க பார்ப்போம்."

"பிழை சார், நீங்களாவது வாயைத் திறங்க," என்றார் பாதி மீசைக்காரர். "இதுல எது தப்பு?"

பிழை செய்தித்தாளை நான்காக மடித்து மடியில் வைத்தார். கடைக்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். லாரிக்காரரும் சட்டையைக் கையில் பிடித்தபடியே நின்றார். எந்தப் பக்கத்திலிருந்து அடி விழும் என்று பார்க்கும் முகம்.

"எடுத்தது மறுபடி முளைக்கலை. மிச்சம் இருந்தது," என்றார் பிழை. "காட்டெருமை எனக்குத் தெரியாது. தும்மல் எனக்குத் தெரியாது. ரெண்டு தடவை எடுத்தது உண்மை. ரெண்டாவது தடவை எடுக்கவே விடாம கொஞ்ச நேரம் தடுத்து வெச்சிருந்தவன் நான். நடந்ததுங்க. நான் கூடவே இருந்தேன்."